அந்தக் கதைசொல்லி ‘வயல்’ என்று சொல்லமாட்டார்

வாசகர் கேள்வி:

வணக்கம். காங்கேயம் பக்கத்து விவசாயி ஒருவர் தம் 65ஆவது வயதில் தம் கதையைத் தாமே சொல்வதாக ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். அவர் எட்டாவது வரை படித்தவர். முதல் 60 பக்கங்கள் ஒரே மாதத்தில் வந்துவிட்டன. மீதி 240 பக்கங்களைக் கல்லூரி வேலைக்கு நடுவே நான்கு வருடமாக எழுதினேன். பாதிக்கு மேல் அவர் பேசவில்லை, நீதான் பேசுகிறாய் என்று படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். முழுவதையும் கொங்கு வழக்குக்கு மாற்றிவிட்டால் சரியாகுமா? முதல் 60 பக்கங்களையும், 1994இல் தங்கையிடம் அவர் விடுதலைப் பத்திரம் வாங்கும் அத்தியாயத்தையும், பிற்பகுதியிலிருந்து வேறு சில பக்கங்களையும் அனுப்பியுள்ளேன்.

பதில்:

அன்புடையீர்,

வழக்கை மாற்றுவதால் இது சரியாகாது. நீங்கள் அனுப்பியுள்ள பத்திர அத்தியாயத்தில் ‘பொழுதோட’, ‘அக்கட்ட’, ‘மறுக்கா’ எல்லாம் இடம் தவறாமல் வருகின்றன. ‘ங்க’ விகுதிகூட முதல் பகுதியில் இருந்ததைவிட இங்கே அதிகம். அப்படியிருந்தும் அந்தக் குரல் அவருடையதாக ஒலிக்கவில்லை. அவரால் பார்க்க முடியாத ஒன்றை அந்த அத்தியாயத்தில் நீங்கள் பார்த்துவிட்டு, பார்த்ததை அவர் வாயில் வைத்துவிட்டீர்கள். சொல்லும் நடையும் அதற்குப் பின்னால்தான் கெட்டன. பழுதுபார்க்கும் வேலையையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

உங்கள் வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: “தங்கச்சி கையெழுத்துப் போடறப்ப, அவ கண்ணுல தேங்கியிருந்த ஏமாற்றத்தைக் கண்டு, அவளுடைய உரிமையை ஒரு காகிதத்தால் பறித்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு என்னை ஆட்கொண்டது.” வாக்கியம் அவருடைய பேச்சில் தொடங்கி, ‘ஏமாற்றம்’ என்ற சொல்லில் கை மாறி, உங்கள் வகுப்பறையில் முடிகிறது. ‘ஆட்கொண்டது’ என்பதை ‘புடிச்சுக்கிச்சு’ என்று மாற்றினாலும் பேசுபவர் மாறமாட்டார். தங்கைக்கு உரிமை இருந்தது என்பது அவருக்குத் தெரியுமா என்பதே கேள்வி.

சட்டப்படி இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளில் திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் மகன்களுக்கு இணையான பங்கு கிடைத்தது. உங்கள் நாவலில் தங்கையின் கல்யாணம் 1991இல் நடக்கிறது. ஆகவே அவள் பங்குதாரர்; விடுதலைப் பத்திரம் தேவைப்பட்டதும் அதனால்தான். உங்களுக்கு இது தெரியும், பத்திரம் எழுதியவருக்கும் தெரியும். உங்கள் கதைசொல்லிக்கு, கையெழுத்து வாங்காவிட்டால் லோன் கிடைக்காது என்ற அளவில் மட்டும் தெரியும். முதல் 60 பக்கங்களில் தங்கையைப் பற்றி அவர் பேசும் இடங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ‘சீர்’ என்ற சொல் ஏழு இடங்களில் வருகிறது. எத்தனை பவுன் போட்டார், எத்தனை பாத்திரம் வைத்தார், ஒறம்பரை எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒன்று விடாமல் சொல்கிறார். ‘பங்கு’ என்ற சொல் அவருக்கும் தம்பிக்கும் இடையில் மட்டுமே வருகிறது. எழுதும்போது நீங்கள் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு மாதம் நீங்கள் அவருக்குள் இருந்ததால் தானாக வந்திருக்கிறது. தங்கைக்குச் செய்ய வேண்டியது சீரோடு முடிந்தது என்று நம்புகிற மனிதருடைய அகராதியில், ‘தங்கச்சி’, ‘பங்கு’ என்ற இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் சேர்வதே இல்லை. கதைசொல்லியின் குருட்டிடம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவர் கதை சொல்வது 65 வயதில். கதையில் நடப்பவை எல்லாம் நடந்து முடிந்தபின் சொல்கிறார். ஆகவே 250ஆம் பக்கத்தில் அவர் தெரிந்துகொள்கிற எதுவும் முதல் பக்கத்திலேயே அவருக்குத் தெரியும். தங்கை விஷயத்தில் தாம் செய்தது தவறு என்று ஏற்கெனவே உணர்ந்தவர் என்றால், முதல் 60 பக்கங்களில் அவர் மறைக்கிறார் என்று பொருளாகிவிடும். மறைப்பவருடைய நடை வேறு. அவர் அந்தப் பேச்சு வரும்போது சுற்றி வளைப்பார், வேறு கதைக்குத் தாவுவார், கேட்காத கேள்விக்கு விடை சொல்வார். தெரியாதவர் நேராக நடந்து போய் அந்த இடத்தின் மேலேயே மிதித்துவிட்டு மேலே போவார். உங்கள் முதல் பகுதியில் அவர் நேராகத்தான் நடக்கிறார். ஆகையால் கடைசிப் பக்கம் வரைக்கும் அவருக்கு அது தெரியாது என்று வைத்துக்கொள்வதே உங்கள் நாவலுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. வேறு முடிவு எடுப்பதானால் முதல் 60 பக்கங்களைத் திருத்த வேண்டிவரும். அவை மிக நன்றாக இருக்கின்றன, அவற்றைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

அவருக்குத் தெரியாவிட்டால் வாசகருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் கண்ணால் கண்டதை விடாமல் சொல்ல வேண்டும். காரணம் சொல்லும்போது மட்டும் தவறிப்போக வேண்டும். அந்தத் தவறும் நாவல் முழுக்க ஒரே வகையானதாக இருக்க வேண்டும். உங்கள் 22ஆம் பக்கத்தில், விற்ற மாடு வண்டியில் ஏற மறுத்துத் திரும்பித் திரும்பிக் கட்டுத்தரையைப் பார்க்கிறது. “புது ஆளு, அதான் மெரளுது” என்கிறார். 47ஆம் பக்கத்தில் அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருப்பதற்கு “பனி ஒத்துக்கலை” என்கிறார். எதிரில் இருப்பவருடைய மனம் நோகும்போதெல்லாம் அதற்கு உடம்பையோ பருவத்தையோ காரணம் காட்டுவது அவருடைய வழக்கம். அந்த வழக்கத்தைப் பத்திர அலுவலகத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் எழுதிப் பார்த்தது இப்படி வந்தது. இதை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை, வழியைக் காட்டுவதற்காக மட்டும் தருகிறேன்:

“பத்திர ஆபீசுல அன்னிக்குச் சனம் அதிகம். தங்கச்சி ரெண்டு தடவை தண்ணி கேட்டுச்சு, வாங்கிக் குடுத்தேன். வெயிலு அப்பிடி. பேனாவ வாங்கிக்கிட்டு, பேருக்கு முன்னால நம்மய்யன் எழுத்தப் போடறதா, மாப்பிள்ள எழுத்தப் போடறதான்னு கேட்டுச்சு. பத்திரத்துல எப்படி இருக்குதோ அப்பிடிப் போடு அம்முணின்னேன். போட்டுருச்சு. ஓட்டல்ல சாப்பிட்டுட்டுப் போலாம்னு கூப்பிட்டதுக்குப் பசிக்கலைன்னு சொல்லிப்போட்டுப் பஸ் ஏறிருச்சு. அதுக்கு எப்பவுமே வெயிலு ஆகாது.”

ஏமாற்றம், உரிமை, குற்ற உணர்வு ஆகிய மூன்று சொற்களும் இதில் இல்லை. தகப்பனின் முதலெழுத்தைப் போடுவதா, கணவனின் முதலெழுத்தைப் போடுவதா என்ற கேள்வியில், அந்த வீட்டுக்குத் தான் இன்னும் மகள்தானா என்று தங்கை கேட்டுவிடுகிறாள். அவர் அதைப் பத்திரம் எழுதும் முறை பற்றிய ஐயமாகக் கேட்டு விடை சொல்கிறார். ‘வெயிலு’ இரண்டு இடத்தில் வருவதைக் கவனியுங்கள். பனியும் மிரட்சியும் படித்து வந்த வாசகர் இந்த வெயிலை நம்பமாட்டார்.

இதில் ஓர் எல்லை உண்டு. காட்சிக்குக் காட்சி இதே உத்தி வந்தால், கதைசொல்லி மந்தமானவராகத் தோன்றிவிடுவார். அவர் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் மனிதருடைய காசுக் கணக்கைப் பற்றியும் மிகக் கூர்மையானவர். குருட்டிடம் ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும். மற்ற இடங்களில் நம்மைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக, வினைமுற்று விகுதிகளைப் பாருங்கள். தமிழில் தன்மைக் கதைசொல்லியை எழுதுபவர்கள் இதில்தான் தம்மை அறியாமல் வெளிப்பட்டுவிடுகிறார்கள். ‘வந்தான்’, ‘வந்தார்’, ‘வந்தது’ என்று ஒவ்வொரு வினையிலும் பேசுபவர் மற்றவருக்கு ஓர் இடம் கொடுத்தாக வேண்டும்; இடம் கொடுக்காமல் தமிழில் ஒரு வாக்கியத்தை முடிப்பது அரிது. உங்கள் கதைசொல்லி முதல் பகுதியில் தங்கையையும் மனைவியையும் ‘வந்துச்சு’, ‘சொல்லுச்சு’ என்கிறார். தம்மைவிட இருபது வயது மூத்த பண்ணையத்தாள் மாரனை ‘வந்தான்’ என்கிறார். மாரன் அவரைச் ‘சின்னப் பண்ணாடி’ என்கிறார். பத்திர அத்தியாயத்திலோ தங்கை ‘அவள்’ ஆகிவிட்டாள், மாரன் ‘அவர்’ ஆகிவிட்டார். பெரியவர் ஒருவரை ‘அவன்’ என்று எழுத உங்கள் கை கூசியிருக்கிறது. கூச்சம் நல்லது, ஆனால் அது உங்களுடையது. கதைசொல்லிக்கு அந்தக் கூச்சம் வரவில்லை என்பதுதான் கதையின் ஒரு பகுதி. அதை நீங்கள் மெழுகிவிட்டால், அந்தப் பண்ணையத்தில் அன்று எப்படிப் பேசினார்கள் என்பதையும் சேர்த்து மெழுகியதாகிவிடும்.

கோப்பில் ‘மாரன்’ என்று தேடி, அந்தப் பெயர் வரும் வாக்கியங்களின் வினைமுற்றுகளை மட்டும் வரிசையாகப் பார்த்தால், எந்தப் பக்கத்தில் மாறியது என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ‘ஆன்’ விகுதிக்குக் கொண்டுவந்த பிறகு, மாரன் இறந்த செய்தியைச் சொல்லும் இடத்தில் மட்டும் ‘போயிட்டாரு’ என்று ஒரே ஒரு தடவை அவர் வாயிலிருந்து வருமா என்று யோசித்துப் பாருங்கள். 300 பக்கங்கள் ‘அவன்’ என்று வந்திருந்தால்தான் அந்த ஒரு ‘ரு’ வாசகருக்குக் கேட்கும்.

‘ங்க’ விகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொங்கு வழக்கில் அது அழகுக்காக வருவதில்லை. எதிரில் உட்கார்ந்து கேட்பவருக்குத் தருகிற மரியாதை அது. கதைசொல்லி ‘வந்தனுங்க’ என்று சொன்னால் எதிரில் யாரோ இருக்கிறார், அவர் வயதிலோ நிலையிலோ மரியாதைக்குரியவர் என்றாகிறது. முதல் 60 பக்கங்களில், உரையாடலுக்கு வெளியே அது அறவே இல்லை; தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது போல, அல்லது பேரனிடம் சொல்வது போல இருக்கிறது. பிற்பகுதியில் மண்வாசனை போதவில்லை என்று கருதி நீங்கள் அதைச் சேர்த்திருக்கக்கூடும். சேர்த்ததும் கேட்பவர் மாறிவிட்டார், பேசுபவருடைய பணிவும் மாறிவிட்டது. உரையாடலில் இருப்பதை விட்டுவிட்டு, கதை சொல்லும் வாக்கியங்களில் இருப்பதை எடுத்துவிடுங்கள்.

இப்போது சொற்களுக்கு வரலாம். உங்கள் பிற்பகுதியில் அவர் ‘வயலுக்குப் போனேன்’ என்கிறார். காங்கேயம் பக்கத்தில் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம், மானாவாரி நிலம் காடு, வேலி கட்டி மாடு மேய விடுகிற நிலம் கொறங்காடு. அவருக்கு இந்த மூன்றும் இருக்கின்றன, வயல் இல்லை. மாமனார் ஊரான கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் வாய்க்கால் பாசனத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் ‘வயல்’ என்பார், அப்போது அந்தச் சொல்லில் ஒரு பெருமூச்சும் சேர்ந்திருக்கும். அப்படியே ‘பண்ணை வீடு’ அவருக்குச் சாளை, ‘தொழுவம்’ கட்டுத்தரை, ‘தீவனம்’ மேவு. இவற்றை மாற்றுவது எளிது. எதிர்ப்பக்கத்துப் பிழை கண்ணில் படுவது கடினம். முதல் பகுதியில் அவர் மோட்டார், சர்வீஸ், லோன், சொசைட்டி என்று இயல்பாகப் பேசினார். 170ஆம் பக்கத்தில் ‘மின்னிணைப்பு’, ‘கூட்டுறவுச் சங்கம்’ என்கிறார். தூய சொல் கிராமத்துக்குப் பொருந்தும் என்ற எண்ணம் உங்களை அறியாமல் வேலை செய்திருக்கிறது. கிராமத்து மனிதர் எந்தச் சொல்லோடு அலுவலகத்தில் வரிசையில் நின்றாரோ அந்தச் சொல்லைத்தான் வைத்திருப்பார்.

ஒரு பொருளைப் பற்றிய அவருடைய அறிவு எந்த அளவுக்கு நுண்மையானது என்பதும் சொற்களில் தெரிய வேண்டும். மாட்டின் நிறத்தை அவர் ‘சாம்பல் நிறம்’ என்று 203ஆம் பக்கத்தில் சொல்கிறார். காங்கேயம் மாட்டுக்காரருக்கு மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்துக்குப் பெயர்கள் இருக்கின்றன. அந்த இனத்தில் கன்று சிவப்பாகப் பிறந்து, ஆறு மாதத்துக்குள் நிறம் மாறத் தொடங்கும் என்பதும் அவருக்குப் பிறந்தது முதல் தெரியும். ஆகவே “சிவந்த கன்று சாம்பலாக மாறியதைக் கண்டு வியந்தேன்” என்று அவர் சொல்லமாட்டார். வியந்தவர் நீங்கள். நமக்குப் புதிதாக இருப்பதை அவர் விளக்கமாட்டார், அவருக்குப் பழகியதை நின்று பார்க்கமாட்டார். எங்கெல்லாம் அவர் விளக்கத் தொடங்குகிறாரோ அங்கெல்லாம் உங்களைத் தேடுங்கள்.

ஊர்ப்பெயரும் ஆண்டும் இதில் அடங்கும். காங்கேயம் 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பிறகு பெரியார் மாவட்டத்திலும், அது பெயர் மாறியபின் ஈரோடு மாவட்டத்திலும், 2009 முதல் திருப்பூர் மாவட்டத்திலும் இருக்கிறது. ஒரே சாளையில் இருந்துகொண்டே அவர் நான்கு மாவட்டப் பெயர்களைக் கண்டவர். 1994 அத்தியாயத்தில் “திருப்பூர் மாவட்ட அதிகாரிகள்” என்று வருவதை மாற்றுங்கள். பெயர்களைக் குழப்பி, “அப்ப ஈரோட்டுக்குத்தான் எல்லாத்துக்கும் போவணும்” என்று அவர் சொல்வதுதான் இயல்பு.

சந்தத்தைப் பற்றி நண்பர்கள் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்றாலும், ‘நீதான் பேசுகிறாய்’ என்று அவர்கள் சொன்னதில் பாதி சந்தத்தைப் பற்றியதுதான். தமிழ் வாக்கியம் இரண்டு வழியில் நீளும். வினையெச்சங்களை அடுக்கி நீட்டலாம்: “வெடியால எந்திரிச்சு, கட்டுத்தரையக் கூட்டி, மேவு போட்டு, பால் பீச்சி முடிக்கறதுக்குள்ள பொழுது கெளம்பீரும்.” பெயரெச்சங்களையும் வேற்றுமை உருபுகளையும் ஒரு பெயரின் முன்னால் அடுக்கியும் நீட்டலாம்: “வறண்டு வெடித்த நிலத்தின் நடுவே தனித்து நின்ற வெள்வேல மரத்தின் நிழலில் என் இருப்பின் வெறுமையை உணர்ந்தேன்.” இரண்டாவது உங்கள் 141ஆம் பக்கத்து வாக்கியம். முதல் வகை, செய்த வேலையைச் செய்த வரிசையில் சொல்வது. உடம்பு நகர்ந்த வழியிலேயே வாக்கியமும் நகரும். இரண்டாவது வகை, நின்று எழுதுகிற கைக்கு உரியது. வாய்ப் பேச்சில் அவ்வளவு அடைகளை மூச்சில் தாங்கிக்கொண்டு எவரும் ஒரு பெயருக்கு வந்து சேரமாட்டார்கள்.

முதல் பகுதியில் பத்துப் பக்கங்களை எடுத்து, ஒரு வினைமுற்றுக்கு முன்னால் எத்தனை வினையெச்சம், ஒரு பெயருக்கு முன்னால் எத்தனை அடை என்று பென்சிலால் குறித்துப் பார்த்தேன். பெரும்பாலும் மூன்று நான்கு எச்சங்கள் வருகின்றன. அடை ஒன்றைத் தாண்டுவது அபூர்வம். நீண்ட வாக்கியத்துக்குப் பிறகு மூன்று சொல்லில் ஒரு வாக்கியம் வருகிறது. பத்திர அத்தியாயத்தில் எச்சங்கள் ஒன்று இரண்டாகக் குறைந்து, அடைகள் மூன்று நான்காகக் கூடியிருக்கின்றன. ஐயம் வருகிற பக்கங்களில் இப்படிக் குறித்துப் பார்த்தால் போதும், எல்லாப் பக்கத்துக்கும் செய்ய வேண்டியதில்லை. ‘வெறுமை’, ‘தனிமை’, ‘இருப்பு’ போன்ற பண்புப்பெயர்கள் வருகிற இடங்களையும் தேடிப் பாருங்கள். அவை தனியாக வருவதில்லை, அடைகளையும் கூட்டிக்கொண்டே வருகின்றன. 141ஆம் பக்கத்தில் அவர் நான்கு உருப்படி மாட்டையும் சந்தையில் விற்றுவிட்டுத் திரும்புகிறார். வெறுமையை அவர் உணரட்டும், அவருடைய கை செய்வதைக் கொண்டு:

“கொறங்காட்டுல புல்லு ஒரு நுனி இல்லை. வெள்வேல மரத்தடியில போய் உக்காந்து, கொண்டுபோன தண்ணியக் குடிச்சுட்டு, மடியில இருந்த பணத்த எடுத்து எண்ணுனேன். மறுக்காவும் எண்ணுனேன். எந்திரிக்கத் தோணலை.”

ஒருவேளை, இவ்வளவையும் எழுத்துத் தமிழிலேயே வைத்துக்கொள்ள விரும்பினீர்கள் என்றால் அதற்கும் தடையில்லை. ‘புல் ஒரு நுனி இல்லை, வெள்வேல மரத்தடியில் போய் உட்கார்ந்து’ என்று எழுதினாலும் அந்த மனிதர் அங்கேயே இருப்பார், எச்சங்களின் வரிசையும் சொற்களும் பார்வையும் அவருடையவை. சந்தி எழுதும் முறையில் ஒரு முடிவுக்கு வந்து கடைசி வரை அதையே பின்பற்றுங்கள்; அதற்கு மேல் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

திருத்தத்தைப் பக்க வரிசையில் செய்யாதீர்கள். நான்கு வருடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்ப வந்த இடங்கள் எவை என்று உங்கள் கோப்புகளின் தேதிகளைக் கொண்டு குறித்துக்கொள்ளுங்கள். குரல் நழுவுவது பெரும்பாலும் அந்தத் தையல்களுக்கு அடுத்த ஐந்தாறு பக்கங்களில்தான். ஒவ்வொரு தையலையும் தொடும் முன்னால், முதல் பகுதியிலிருந்து பத்துப் பக்கங்களை வாய்விட்டுப் படித்துவிட்டு உட்காருங்கள். அவர் யாரையாவது தெளிவாகப் புரிந்துகொண்டுவிடுகிற இடங்களை முதலில் எடுங்கள். மாரனுடைய விகுதிகளை அடுத்து எடுங்கள். சொற்பட்டியல் கடைசியில் போதும். பத்திர அத்தியாயத்தை எழுதி முடித்ததும் அதையும், அதற்கு முந்திய அத்தியாயத்தையும் மட்டும் அனுப்பிவையுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்து, எந்த இடத்தில் மூச்சு மாறுகிறது என்று குறித்துத் தருகிறேன்.